எழுத்து இல்லாத கட்டங்கள்: அட்டவணைப் படங்களைப் பதிவு செய்யும் முறை

அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் எண்ணோ சொல்லோ இருந்தால் அதை வேறோர் அட்டவணைக்கு மாற்றுவதில் சிக்கல் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். கட்டத்துக்குள் ஒரு நாட்டின் கொடியோ, பச்சை நிற டிக் குறியோ, சிவப்பு அட்டையின் சிறு படமோ இருந்தால் அப்படி எழுத முடியாது. எதை எழுதுவது என்று பதிவு செய்பவர் முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

முடிவு செய்யாமல் விட்டால் கணினி தானாகவே ஒரு முடிவை எடுத்துவிடும். இணையத்திலுள்ள அட்டவணையை வெறும் எழுத்தாக நகலெடுத்து ஒட்டினால் படங்கள் விடுபட்டு அந்தக் கட்டங்கள் காலியாகும். படத்தோடு சேர்த்து எக்செல்லில் ஒட்டினால் பெரும்பாலும் படம் கட்டத்துக்கு மேலே மிதக்கும். கட்டத்துக்குள் எதுவும் இருக்காது. கண்ணுக்குக் கொடி தெரியும், ஆனால் எண்ணச் சொன்னாலோ தேடச் சொன்னாலோ எக்செல்லுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. அட்டவணையை வரிசை மாற்றி அடுக்கும்போது படங்கள் கூடவே நகராமல் நின்று, ஒரு நாட்டின் வரிசையில் இன்னொரு நாட்டின் கொடி அமர்ந்துவிடுவதும் உண்டு.

எனவே முதல் வேலை, அந்தப் படம் கட்டத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்பது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. படத்தை விரலால் மறைத்துவிட்டு அந்த வரிசையை வாசிக்க வேண்டும். எந்தத் தகவலும் குறையவில்லை என்றால் படம் அலங்காரம். பக்கத்திலேயே ‘பிரேசில்’ என்று எழுதியிருக்கையில் கொடி புதிதாக எதையும் சொல்வதில்லை. வரிசை முழுவதும் பொருளிழந்தால் படம்தான் அங்கே ஒரே தகவல். வரிசை புரிகிறது, ஆனால் ஏதோ ஒன்று விடுபட்டது என்றால் படம் கூடுதல் தகவல். இந்த மூன்று வகைக்கும் மூன்று விதமான பதிவு தேவை. அலங்காரத்தை விட்டுவிடலாம், ஒரே தகவலாக நிற்கும் படத்துக்குப் பதிலாக அதன் பொருளை எழுத வேண்டும், கூடுதல் தகவலுக்குத் தனி நெடுவரிசை ஒன்றைத் திறக்க வேண்டும்.

பிரேசில் எத்தனை முறை வென்றது?

உலகக் கோப்பைக் கால்பந்தில் வென்ற அணிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டால், படத்துக்கும் பொருளுக்கும் உள்ள தூரம் தெளிவாகத் தெரியும். 1930 முதல் 2022 வரை 22 போட்டிகள் நடந்துள்ளன. வென்ற அணிகள் மொத்தம் எட்டு. பிரேசில் ஐந்து முறையும், ஜெர்மனியும் இத்தாலியும் தலா நான்கு முறையும், அர்ஜென்டினா மூன்று முறையும், உருகுவேயும் பிரான்சும் தலா இரண்டு முறையும், இங்கிலாந்தும் ஸ்பெயினும் தலா ஒரு முறையும் வென்றன.

இதே பட்டியலை ஆண்டும் கொடியும் மட்டும் கொண்ட அட்டவணையாக ஒருவர் அச்சிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தந்த ஆண்டில் பறந்த கொடியையே போடுவது நல்ல கலைக்களஞ்சியங்களின் வழக்கம். அந்த அட்டவணையைப் பதிவு செய்பவர், ஒரே மாதிரியான படங்களுக்கு ஒரே அடையாளம் என்ற விதியை வைத்துக்கொண்டு கொடிப்படங்களையே எண்ணினால் கணக்கு வேறாகிவிடும்.

பிரேசில் கொடியின் நீல வட்டத்தில் உள்ள நட்சத்திரங்கள் அந்நாட்டின் மாநிலங்களையும் கூட்டாட்சி மாவட்டத்தையும் குறிக்கின்றன. மாநிலங்கள் கூடக்கூட நட்சத்திரங்களும் கூடின. 1960 வரை 21, அதன்பின் 22, 1968 முதல் 23, 1992 முதல் 27. பிரேசில் வென்ற ஆண்டுகள் 1958, 1962, 1970, 1994, 2002. ஆக முதல் மூன்று வெற்றிகளுக்கும் மூன்று வெவ்வேறு கொடிகள். கடைசி இரண்டுக்கு மட்டுமே ஒரே கொடி. இத்தாலியும் இரண்டாகப் பிரியும். 1934இலும் 1938இலும் அது முடியாட்சி நாடு; மூவண்ணக் கொடியின் நடுவே சவாய் அரச குடும்பத்தின் கேடயம் இருந்தது. 1946இல் குடியரசானபின் கேடயம் நீங்கியது. 1982, 2006 வெற்றிகள் கேடயமில்லாத கொடியின் கீழ் வந்தவை.

படங்களை எண்ணினால் வென்ற அணிகள் எட்டு அல்ல, பன்னிரண்டு. முதலிடம் நான்கு வெற்றிகளுடன் ஜெர்மனிக்கு. ஐந்து முறை வென்ற பிரேசில், ஒன்று, ஒன்று, ஒன்று, இரண்டு என்று சிதறி அடையாளம் தெரியாமல் போகும். பதிவில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு கட்டமும் உள்ளபடியே பதிவாகியிருக்கிறது. ஆனால் வந்த விடை தவறு.

ஜெர்மனியின் நிலை இதற்கு நேர்மாறானது. 1954, 1974, 1990 ஆண்டுகளில் வென்றது மேற்கு ஜெர்மனி. 2014இல் வென்றது ஒன்றிணைந்த ஜெர்மனி. கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடி இரண்டுக்கும் ஒன்றே. அதாவது பிரேசிலில் பெயர் மாறாமல் கொடி மாறியது. ஜெர்மனியில் கொடி மாறாமல் நாட்டின் அமைப்பு மாறியது. மேற்கு ஜெர்மனியின் வெற்றிகளை ஃபிஃபா ஜெர்மனியின் கணக்கில்தான் சேர்க்கிறது. இந்தச் செய்தியைக் கொடியிலிருந்து யாரும் அறிய முடியாது.

இரண்டாமிடம் பெற்ற அணிகளுக்குப் போனால் இன்னொரு கண்ணி இருக்கிறது. 1934இலும் 1962இலும் இறுதி ஆட்டத்தில் தோற்றது செக்கோஸ்லோவாக்கியா. அந்நாடு 1993இல் செக், ஸ்லோவாக்கியா என இரண்டாகப் பிரிந்தபோது பழைய கொடியைச் செக் குடியரசு வைத்துக்கொண்டது. இன்றைய கொடிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய அட்டவணையைப் பதிவு செய்பவர், 1934ஆம் ஆண்டுக்கு எதிரே ‘செக் குடியரசு’ என்று எழுதிவிடுவார்.

இவற்றுக்கெல்லாம் சேர்ந்த தீர்வு, ஒரு கட்டத்தில் கலந்து கிடப்பவற்றை வெவ்வேறு நெடுவரிசைகளாகப் பிரிப்பது. அன்றைய பெயர் ஒன்று, கணக்கில் சேரும் அணி ஒன்று, தேவைப்பட்டால் கட்டத்தில் உண்மையில் இருந்த படம் எது என்பது ஒன்று.

```
year,name_then,team,flag_shown
1934,இத்தாலி,ITA,ITA-1861
1954,மேற்கு ஜெர்மனி,GER,GER
1958,பிரேசில்,BRA,BRA-21
1962,பிரேசில்,BRA,BRA-22
1966,இங்கிலாந்து,ENG,ENG
```

வெற்றிகளை எண்ண `team` போதும். வரலாறு எழுதுபவருக்கு `name_then` உதவும். கடைசி நெடுவரிசையில் உள்ள `BRA-21` போன்றவை பதிவு செய்பவரே வைத்துக்கொண்ட அடையாளங்கள். ‘21 நட்சத்திரக் கொடி’ என்பதைச் சுருக்கி எழுதியவை. கொடிகளின் வரலாறு ஆய்வுப்பொருளாக இல்லாதபோது இந்த நெடுவரிசையை விட்டுவிடலாம். ஆனால் விட்டுவிடுவது என்ற முடிவைக் குறிப்பில் எழுதி வைக்க வேண்டும்.

எந்தக் குறியீட்டில் எழுதுவது?

நாட்டின் பெயரை முழுதாக எழுதுவதைவிட மூன்றெழுத்துக் குறியீடு பாதுகாப்பானது. ‘பிரேசில்’, ‘ப்ரேசில்’, ‘பிரசில்’ என்று மூன்று விதமாக எழுதினால் கணினிக்கு அவை மூன்று நாடுகள். ஆனால் குறியீடுகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுப்புகள் உண்டு. ஐ.எஸ்.ஓ. அமைப்பின் 3166 தரப்படி ஜெர்மனி `DEU`, உருகுவே `URY`, நெதர்லாந்து `NLD`. ஃபிஃபாவின் வழக்கில் இவையே `GER`, `URU`, `NED`. இரண்டையும் கலந்து எழுதினால் ஒரே நாடு இரண்டு பெயரில் நிற்கும்.

கால்பந்துக்கு ஃபிஃபா குறியீடே பொருத்தம் என்பதற்குக் காரணம் இங்கிலாந்து. ஐ.எஸ்.ஓ.வின் நாட்டுப் பட்டியலில் இங்கிலாந்து கிடையாது; ஐக்கிய இராச்சியம்தான் உண்டு. விளையாட்டிலோ இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து எனத் தனித்தனி அணிகள் ஆடுகின்றன. மக்கள்தொகை, வணிகம் போன்ற அட்டவணைகளுக்கு ஐ.எஸ்.ஓ. குறியீடு பொருந்தும். அதிலும் இரண்டெழுத்தைவிட மூன்றெழுத்து நல்லது. நமீபியாவின் இரண்டெழுத்துக் குறியீடு `NA`. புள்ளிவிவர மென்பொருள்கள் பல, `NA` என்பதைத் ‘தகவல் இல்லை’ என்று புரிந்துகொள்ளும். கோப்பைத் திறந்ததும் நமீபியா மட்டும் சத்தமில்லாமல் காலியாகிவிடும். `NAM` என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

கைப்பேசி விசைப்பலகையில் உள்ள கொடி எமோஜியை அப்படியே கட்டத்தில் போட்டுவிடலாமே என்று தோன்றலாம். எமோஜிக் கொடி உண்மையில் ஒரு படமன்று. யூனிகோடில் இரண்டு சிறப்பு எழுத்துகளின் சேர்க்கை. பிரேசிலுக்கு B, R ஆகிய எழுத்துகளின் சிறப்பு வடிவங்கள் சேர்கின்றன. அவற்றைக் கொடியாக வரைந்து காட்டுவது அந்தந்தக் கருவியின் வேலை. விண்டோஸ் கணினிகளில் வழக்கமாகக் கொடிக்குப் பதில் BR என்ற எழுத்துகளே தெரிகின்றன. மேலும் எமோஜியில் இருப்பது இன்றைய கொடி மட்டுமே. 1938இன் இத்தாலியை எமோஜியால் எழுத முடியாது.

டிக், பெருக்கல் குறி, சிறு கோடு, வெற்றிடம்

கொடிக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது உண்டு, இல்லை என்பதைக் காட்டும் குறிகள். இவை எளியவை போலத் தோன்றும். பிழை அதிகம் நேர்வதும் இங்கேதான். டிக் என்றால் உண்டு, பெருக்கல் குறி என்றால் இல்லை என்பது சரி. சிறு கோடு என்றால் என்ன? ஒன்றுமே இல்லாத கட்டம் என்றால் என்ன?

பள்ளிகளின் வசதிகளைக் காட்டும் ஓர் அட்டவணையில் ‘அறிவியல் ஆய்வகம்’ என்ற நெடுவரிசை இருப்பதாகவும், அதில் 40 பள்ளிகள் இருப்பதாகவும் கொள்வோம். 22 கட்டங்களில் டிக், 8 கட்டங்களில் பெருக்கல் குறி, 6 கட்டங்களில் சிறு கோடு, 4 கட்டங்கள் வெறுமை. அட்டவணையின் அடிக்குறிப்பைப் பார்த்தால், சிறு கோடு தொடக்கப் பள்ளிகளைக் குறிக்கிறது. அவற்றுக்கு ஆய்வகம் தேவையே இல்லை. வெறுமையாக உள்ளவை இன்னும் பார்வையிடாத பள்ளிகள். டிக் இல்லாத எல்லாவற்றையும் ‘இல்லை’ என்று பதிவு செய்தால், 40இல் 22, அதாவது 55 விழுக்காடு பள்ளிகளில்தான் ஆய்வகம் உண்டு என்று வரும். கோட்டையும் வெறுமையையும் பிரித்து வைத்தால், விவரம் தெரிந்த, ஆய்வகம் தேவைப்படும் 30 பள்ளிகளில் 22, அதாவது சுமார் 73 விழுக்காடு என்று வரும்.

ஆகவே இத்தகைய நெடுவரிசையில் இரண்டு சொற்கள் போதாது. ‘உண்டு’, ‘இல்லை’, ‘பொருந்தாது’, ‘தெரியாது’ என நான்கு சொற்கள் வேண்டும். மூலத்தில் வெறுமையாக இருந்த கட்டத்தையும் பதிவில் வெறுமையாக விடக் கூடாது. விட்டால், மூலத்திலேயே காலியாக இருந்ததா, படம் நகலாகாமல் காலியானதா, பதிவு செய்பவர் தவறவிட்டாரா என்று பின்னால் வருபவர் கண்டுபிடிக்க முடியாது. அடிக்குறிப்பு இல்லாத அட்டவணையில் கோட்டுக்கும் வெறுமைக்கும் பொருளை ஊகித்து எழுதுவதைவிட, ‘கோடு’, ‘வெறுமை’ என்று கண்டதையே எழுதிவைப்பது நேர்மையானது.

இந்தக் குறிகள் சில சமயம் வேறு உருவில் வந்து நிற்கும். பழைய வேர்டு, எக்செல் கோப்புகளில் டிக் குறியைப் பெரும்பாலும் விங்டிங்ஸ் என்ற எழுத்துருவில் போட்டிருப்பார்கள். அந்த எழுத்துருவில் டிக் வரையப்பட்டிருப்பது `ü` என்ற எழுத்தின் இடத்தில்; பெருக்கல் குறி `û` என்ற எழுத்தின் இடத்தில். நகலெடுக்கும்போது எழுத்துரு மாறினால் நெடுவரிசை முழுவதும் `ü`, `û` என்று நிற்கும். இவை இரண்டும் மாறிமாறி வரும் நெடுவரிசையைக் கண்டால், கோப்பு கெட்டுவிட்டது என்று ஒதுக்க வேண்டியதில்லை. மூலத்தில் இரண்டு மூன்று இடங்களை ஒப்பிட்டு உறுதி செய்தபின் ‘உண்டு’, ‘இல்லை’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

வண்ண வட்டங்களுக்கும் இதே கவனம் தேவை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறத்தை எழுதுவது பதிவாகாது. அந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று எழுத வேண்டும். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்த தாளில் மூன்று வட்டங்களும் சாம்பல் நிறமாகிவிடும் என்பதால், வண்ணப் பிரதி கிடைக்காமல் இந்த வேலையைத் தொடங்குவதில் பயனில்லை.

பெயருடன் ஒட்டிவரும் சிறு படங்கள்

மூன்றாம் வகைக்கும் கால்பந்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஓர் ஆட்டத்தின் வீரர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள், சிவப்பு அட்டைகளின் சிறு படமும் நிமிடமும் இருக்கும். 2006 இறுதி ஆட்டத்தில் பிரான்சின் சிடானுக்கு எதிரே சிவப்பு அட்டையும் 110 என்ற எண்ணும் இருக்கும். 2010 இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் ஹைட்டிங்காவுக்கு எதிரே 109ஆம் நிமிடத்தில் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்த படம் இருக்கும். முன்னது நேரடிச் சிவப்பு அட்டை; பின்னது இரண்டாவது மஞ்சள் அட்டையால் வந்த வெளியேற்றம். இருவரும் ஆட்டத்தை விட்டு வெளியேறினார்கள் என்பது பொதுவானாலும் குற்றம் ஒன்றன்று.

படத்தைக் கைவிட்டு நகலெடுத்தால் ‘சிடான் 110’ என்று மட்டும் மிஞ்சும். 110ஆம் நிமிடத்தில் அவர் கோல் அடித்தாரா, மாற்று வீரராக வெளியேறினாரா என்பது தெரியாது. ‘சிடான் (சிவப்பு)’ என்று பெயரோடு சேர்த்து எழுதினால், வேறோர் ஆட்டத்தில் வெறும் ‘சிடான்’ என்றிருப்பவர் இவரல்லர் என்று கணினி எண்ணிக்கொள்ளும். வீரர், நிகழ்வு, நிமிடம் என மூன்று நெடுவரிசைகளாகப் பிரித்து, நிகழ்வு என்ற இடத்தில் ‘மஞ்சள்’, ‘இரண்டாம் மஞ்சள்’, ‘நேரடிச் சிவப்பு’ என்று எழுதுவதே சரி. ஒரே வீரருக்கு இரண்டு நிகழ்வுகள் இருந்தால் இரண்டு வரிசைகள்.

படத்தின் பொருள் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதற்குத் தமிழ்நாட்டுத் தேர்தல் பட்டியல் நல்ல சான்று. உதயசூரியன் சின்னத்தைக் கண்டதும் ‘தி.மு.க.’ என்று பதிவு செய்யத் தோன்றும். கூட்டணியின் சிறு கட்சி வேட்பாளரும் அதே சின்னத்தில் நிற்பதுண்டு. சுயேச்சைகளுக்கான சின்னங்கள் தொகுதிதோறும் தனியாக ஒதுக்கப்படுவதால், ஒரு தொகுதியில் ஒரு சுயேச்சைக்குக் கிடைத்த சின்னம் அடுத்த தொகுதியில் அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவருக்குக் கிடைக்கலாம். எனவே சின்னத்தைச் சின்னம் என்ற நெடுவரிசையிலும், கட்சியை வேறு ஆதாரத்தைப் பார்த்துக் கட்சி என்ற நெடுவரிசையிலும் எழுத வேண்டும். சின்னத்திலிருந்து கட்சியை ஊகிக்கக் கூடாது.

படத்துக்குப் பின்னால் இருப்பது

மூல அட்டவணை இணையப் பக்கமாக இருந்தால் படத்தின் பொருளை அறிய இன்னொரு வழி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் `alt` என்ற மாற்று உரையைப் பக்கத்தை அமைப்பவர் எழுதலாம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் படம் வரும் இடத்தில் இந்த உரையைத்தான் வாசிக்கும்.

```
<td><img src="flag-br-1889.svg" alt=""> பிரேசில்</td>
<td><img src="tick.svg" alt="உண்டு"></td>
<td><img src="img_0047.png"></td>
```

முதல் கட்டத்தில் `alt` காலியாக இருப்பது பிழையன்று. பெயர் பக்கத்திலேயே இருப்பதால் இந்தப் படம் அலங்காரம் என்று அமைத்தவரே சொல்கிறார். இரண்டாவதில் பதிவுக்கு வேண்டிய சொல்லே கிடைத்துவிடுகிறது. மூன்றாவதில் எதுவும் இல்லை. கோப்பின் பெயரும் உதவாது. இங்கே மனிதக் கண்தான் துணை. `alt` உரையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. ‘பச்சை நிற டிக்’ என்று படத்தை வருணித்து, அதன் பொருளைச் சொல்லாமல் விட்ட பக்கங்கள் பல. ஒரு வரிசையை நகலெடுத்துப் படத்தை மட்டும் மாற்றி, பழைய உரையை அப்படியே விட்டதும் உண்டு. கண்ணால் பார்ப்பதும் உரையும் முரண்பட்டால் இரண்டையும் குறித்து வைத்து, எதை ஏற்றதென்று எழுத வேண்டும்.

பொருள் பட்டியலும் சரிபார்ப்பும்

பதிவைத் தொடங்கும் முன் மூலத்தில் உள்ள எல்லா வகைப் படங்களையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதை எழுதுவது என்று முடிவு செய்துகொள்வது பிற்பாடு வரும் குழப்பத்தைத் தவிர்க்கும். படத்தின் தோற்றம், அதன் பொருள், அந்தப் பொருள் எங்கிருந்து தெரிந்தது, பதிவில் எழுதும் சொல் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். பொருள் தெரிந்தது அடிக்குறிப்பிலிருந்தா, `alt` உரையிலிருந்தா, பதிவு செய்பவரின் ஊகத்திலிருந்தா என்பது முக்கியம். பின்னால் ஐயம் வந்தால் ஊகமாக எழுதியவற்றை மட்டும் திரும்பப் பார்க்கலாம். நடுவில் புதிய படம் ஒன்று எதிர்ப்பட்டால், பட்டியலில் சேர்த்த பிறகே கட்டத்தை நிரப்ப வேண்டும்.

முடிந்தபின் பதிவைச் சோதிக்கச் சில எண்ணிக்கைகள் உதவும். மூலத்தில் படமுள்ள கட்டங்களின் எண்ணிக்கையும், பதிவில் அந்த நெடுவரிசையில் படத்துக்குரிய சொல் எழுதிய கட்டங்களின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். நெடுவரிசையில் உள்ள வெவ்வேறு மதிப்புகளைத் தனியே எடுத்துப் பார்த்தால், பொருள் பட்டியலில் இல்லாத சொல் எதுவும் அதில் வரக் கூடாது. தெரிந்த கூட்டுத்தொகை ஏதேனும் இருந்தால் அதனோடு ஒப்பிடலாம். உலகக் கோப்பைப் பட்டியலில் `team` நெடுவரிசை எட்டு மதிப்புகளைத் தந்து, பிரேசிலுக்கு ஐந்து என்று காட்டினால் பிரிப்பு சரி. பன்னிரண்டு மதிப்புகள் வந்தால், பதிவானது அணிகள் அல்ல, கொடிகள்.

இரண்டு பேர் தனித்தனியாகப் பதிவு செய்து ஒப்பிடுவதும் பயன் தரும். எழுத்துள்ள கட்டங்களில் இருவரும் வேறுபட்டால் அது பெரும்பாலும் தட்டச்சுப் பிழை. படமுள்ள கட்டங்களில் வேறுபட்டால், பொருள் பட்டியலில் ஏதோ ஒரு படத்துக்கு விதி தெளிவாக இல்லை என்று பொருள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் திருத்தினால் போதாது. விதியைத் திருத்தி, அதே படம் வந்த எல்லாக் கட்டங்களையும் மீண்டும் பார்க்க வேண்டும்.